பல்லவி இல்லாத கதைப்பாடல்: ஒரே மெட்டில் ஒரு கதையைக் கடைசிவரை கொண்டுசெல்வது எப்படி

பல்லவி உள்ள பாட்டில், கேட்பவரின் கவனம் தளரும் இடத்தில் பழகிய வரி திரும்பி வந்து அவரைப் பிடித்து நிறுத்துகிறது. இராமநாதபுரம் கரையில் வலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாட்டிலும் ‘ஏலேலோ’ என்று கூட்டம் எடுத்துக் கொடுக்கும் மறுமொழி அந்த வேலையைச் செய்கிறது. பல்லவி இல்லாத கதைப்பாடலில் அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. நான்கு வரிச் சரணம் ஒன்று, அதே மெட்டில் அடுத்த சரணம், பிறகு அடுத்தது என்று பன்னிரண்டோ இருபதோ முறை ஒரே இசை சுற்றிக்கொண்டே இருக்கும். மாறுவது சொல் மட்டுமே. ஆகவே சலிப்புத் தட்டாமல் இருக்க வேண்டுமானால், மெட்டைத் திரும்பக் கேட்க வேண்டும் என்ற ஆசையை மெட்டுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். கதையின் மேடு பள்ளத்தை மெட்டின் மேடு பள்ளத்தோடு பொருத்தவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் முறையைப் பாம்பன், மண்டபம் பகுதிக்குப் பொருந்துமாறு நான் புனைந்த ஒரு சிறு கதையை வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: ஒரே முடிச்சு உள்ள கதை

இவ்வடிவம் நீண்ட வாழ்க்கை வரலாற்றைத் தாங்காது. பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம், கடன், புயல், மரணம் என்று வரிசையாகப் பாடினால் ஒவ்வொரு சரணமும் ஒரே எடையுடன் நிற்கும்; மெட்டும் ஒன்றே என்பதால் ஏழாவது சரணத்தில் கேட்பவர் வேறு பக்கம் திரும்பிவிடுவார். ஓர் இடம், இரண்டு பேர், ஒருவர் மறைக்கும் ஓர் உண்மை, அதை மற்றவர் அறிந்துகொள்ளும் கணம் ஆகியவை இருந்தால் போதும்.

நம் கதை இது. அன்னம் என்பவள் கணவனைக் கடலில் இழந்தவள். கூலிக்கு வலை பழுது பார்க்கிறாள். கணவனின் கூட்டாளி சூசை, கிழிந்த வலை ஒன்றைச் சரிசெய்யக் கொண்டுவருகிறான். அந்த வலையின் ஓரத்தில் இருக்கும் முடிச்சு அவள் கையால் இட்டது. கணவனோடு கடலில் போன வலை அது. அவள் கேட்கிறாள், அவன் பொய் சொல்கிறான், பொய் உடைகிறது.

கதையின் தொடக்கத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட வேண்டும். கணவன் கடலுக்குப் போன காலை, வல்லம் கவிழ்ந்த செய்தி, ஊர் கூடி அழுதது எல்லாம் கதைக்கு வெளியே நிற்கட்டும். சூசை வாசலில் வந்து நிற்கும்போது பாட்டுத் தொடங்கினால் போதும். முன்கதை முழுவதும் பின்னால் அன்னத்தின் வாயிலிருந்தே ஒரு வரியில் வந்துவிடும்.

எழுதத் தொடங்கும் முன், சரணத்துக்கு ஒரு செயல் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: அவன் வருகிறான், அவள் கேட்கிறாள், முதல் பொய், இரண்டாம் பொய், உண்மை, அவள் செய்வது. எந்தச் சரணத்துக்கு எதிரே ‘வர்ணனை’ என்று எழுத நேர்கிறதோ அந்தச் சரணம் வேண்டாம். அந்தி வானமும் அலையும் எவ்வளவு அழகாக அமைந்தாலும், ஒரு சரணம் பாட ஆகும் 24 நொடியில் கதை நகரவில்லை என்றால் மெட்டின் சலிப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

இரண்டாம் படி: முடியாத மெட்டு

சொல்லுக்கு முன் மெட்டை அமைப்பதே நல்லது. சுத்த சாவேரி ராகத்தின் ஐந்து சுரங்களான ச ரி ம ப த ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பயிற்சி இல்லாத குரலும் எளிதாகப் பாட, மந்திர ஸ்தாயிக்கு இறங்காமல் கீழ் ச முதல் மேல் ச வரை நின்றுவிடுவோம். வரிக்கு எட்டு எண்ணிக்கை. கடைசி எண்ணிக்கையில் வரும் கோடு, முந்திய சுரம் நீண்டு ஒலிக்கும் கார்வையைக் குறிக்கிறது. மேல் ஸ்தாயி சட்ஜத்தை ச' என்று எழுதுகிறேன்.

முதல் வரி: ச ரி | ம ம | ப ம | ரி –
இரண்டாம் வரி: ரி ம | ப ப | த ப | ம –
மூன்றாம் வரி: ப த | ச' ச' | த ப | த ப
நான்காம் வரி: ப ம | ரி ம | ரி ச | ரி –

இதைச் சில முறை முணுமுணுத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் காதில் படும். முதலாவது, நான்காம் வரி ஆதார சட்ஜத்தைத் தொட்டுவிட்டு, அங்கே அமராமல் ரி-க்கு ஏறி நிற்கிறது. பெரும்பாலான மெட்டுகள் ச-வில் இறங்கி அமரும்போது காது ‘முடிந்தது’ என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒவ்வொரு சரணத்தின் இறுதியிலும் முடிந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் கதையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ரி-யில் நின்றால் ஒரு குறை மிஞ்சுகிறது. அடுத்த சரணத்தின் முதல் சுரம் ச என்பதால், அந்தக் குறை அடுத்த சரணத்தின் முதல் எழுத்தில்தான் தீர்கிறது. அதாவது, கேட்பவரின் காது அடுத்த சரணத்தைத் தானாகவே கேட்டு வாங்குகிறது. பல்லவி செய்யும் வேலையை இந்த ஒரு சுரம் செய்துவிடுகிறது என்பதே என் கருத்து.

இரண்டாவது, மூன்றாம் வரியின் இரண்டாம் சீரில் மட்டுமே மெட்டு மேல் சட்ஜத்தைத் தொடுகிறது. சரணம் முழுவதிலும் அதுவே உச்சம். அதை இரண்டு இடங்களில் வைக்க வேண்டாம். உச்சம் இரண்டானால் எதுவும் உச்சமாக இராது. மூன்றாம் வரி இறுதியில் கார்வை இல்லாமல் த ப என்று ஓடி நான்காம் வரிக்குள் விழுவதையும் கவனியுங்கள். அங்கே மூச்சு விட இடமில்லை. மூன்றும் நான்கும் ஒரே வாக்கியமாக ஓடும்.

மெட்டில் அலங்காரம் குறைவாக இருக்கட்டும். கமகமும் சங்கதியும் நிறைந்த மெட்டு முதல் முறை இனிக்கும். ஐந்தாம் முறை அதுவே கதையின் குறுக்கே நிற்கும்.

மூன்றாம் படி: சீரும் சுரமும்

வரிக்கு நான்கு சீர், சீருக்கு இரண்டு எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஓர் அசை விழுந்தால் சொல் தெளிவாகக் கேட்கும். முதல் சரணத்தைப் பாருங்கள்:

கச்சான் ஓஞ்சு வாடை தொடங்கிப்
பச்சைக் கடலும் கருக்கும் நாளில்
கந்தல் வலையைத் தோளில் போட்டு
வந்தான் சூசை அன்னம் வாசல்

‘கச்-சான்’ ச ரி-யிலும், ‘ஓஞ்-சு’ ம ம-விலும், ‘வா-டை’ ப ம-விலும் விழுகின்றன; ‘தொடங்-கி’ ரி-யில் தொடங்கி அதன் கார்வையில் முடிகிறது. ‘தொடங்’ போன்ற நிரையசை ஓர் எண்ணிக்கைக்குள் இரண்டு எழுத்தாகப் பிரிந்து அடங்கிவிடும். ஆனால் ஒரு வரி முழுவதையும் குறில் மிகுந்த நிரையசைகளால் நிரப்பினால் பாடுபவர் தம்மை அறியாமல் விரைவார். முழுவதும் நெடிலாக வைத்தால் தேங்கி நிற்பார். இரண்டும் கலந்து வர வேண்டும்.

தவறு அதிகம் நிகழும் இடம் நான்காம் வரியின் கடைசிச் சீர். அங்கே ரி நீண்டு நிற்கிறது. ‘போட்டு’, ‘வந்து’, ‘கேட்டு’ போன்ற குற்றியலுகரச் சொல் அங்கே வந்தால், பாடுபவர் நீட்ட வேண்டிய கட்டாயத்தில் ‘போட்டூ’ என்று இழுப்பார், சொல் கேலியாகிவிடும். வாசல், அண்ணே, தாயி, இல்லை என்று நெடில் முன்னே நிற்கும் சொல்லோ நீட்டினாலும் சிதையாத இறுதி உள்ள சொல்லோ அங்கே இருக்கட்டும். மூன்றாம் வரியின் இறுதி இரண்டு எண்ணிக்கைகள் ஓடிவிடுவதால், அங்கே ‘போட்டு’ வந்தாலும் கேடில்லை.

தமிழ்க் காது இயைபைவிட எதுகைக்கே முதலில் விழித்துக்கொள்கிறது. அதனால் கச்சான்–பச்சை, கந்தல்–வந்தான் என்று முதல் இரண்டு வரிகளையும் கடைசி இரண்டு வரிகளையும் எதுகையால் இணைத்திருக்கிறேன். பாடுபவருக்கு வரி மறக்காமல் இருக்கவும் இது துணை. ஆனால் எதுகைக்காக ஒரு சொல் கதைக்குள் வந்தால் உடனே தெரிந்துவிடும். எதுகையை நீக்கிவிட்டு வரியைப் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லை அன்னம் தன் திண்ணையில் சொல்லமாட்டாள் என்றால் எதுகையை விட்டுவிட வேண்டும், மோனையோடு நிறைவடையலாம்.

நான்காம் படி: உச்சத்தில் எந்தச் சொல்?

முதல் சரணத்தின் மூன்றாம் வரியில் மேல் சட்ஜத்தில் விழும் சொல் ‘வலையை’. இது தற்செயலாக அமையவில்லை. சரணத்தின் செய்தி எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதை முதலில் எழுதி, மூன்றாம் வரியின் இரண்டாம் சீரில் வைத்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றிக் கட்ட வேண்டும். இதைச் செய்யாதவர்களின் பாட்டில் ‘பிறகு’, ‘அந்த’, ‘போன’ என்று ஒன்றுமில்லாத சொற்கள் மெட்டின் உச்சியில் ஏறி நிற்பதைக் கேட்கலாம். குரல் உயர்ந்து, எதிர்பார்ப்பை எழுப்பி, ‘பிறகு’ என்று மட்டும் சொல்லி இறங்கினால் கேட்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அதன் காரணம் அவருக்கே தெரியாது, பாட்டு நீளம் என்றுதான் சொல்வார்.

சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லாச் சரணங்களிலிருந்தும் அந்த ஒரு சீரை மட்டும் உருவி எழுதுங்கள். கதையின் எலும்பு அந்தப் பட்டியலில் தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: மாறித் திரும்பும் வரி

பல்லவி இல்லை என்றால் எதுவுமே திரும்பி வரக்கூடாது என்று பொருள் அல்ல. கதைக்குள் நிற்கும் ஒரு வரி, கதாபாத்திரத்தின் வாயிலிருந்து, ஒவ்வொரு முறையும் சற்றே மாறிய சூழலில் திரும்பி வரலாம். பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை தொகுத்து வெளியிட்ட 305 ஆங்கில, ஸ்காட்டியக் கதைப்பாடல்களில் இந்த உத்தி பரவலாகக் காணப்படுகிறது: அதே கேள்வி மும்முறை வரும், மூன்றாம் முறை மட்டும் ஒரு சொல் மாறும், கதை அங்கே திரும்பிவிடும். நம் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை; அன்னம் கேட்டுக்கொண்டே இருப்பதுதானே கதை.

அவரும் போயி வருசம் ஆச்சு
எவரும் வேலை தரலை அண்ணே
எந்தக் கடலில் கெடச்சு தண்ணே
இந்த வலைக்கு விலையென் னண்ணே

தொண்டிச் சந்தை தூரம் போயி
கொண்டு வந்தேன் காசு கொடுத்து
எந்தக் கடலில் கெடச்சு தண்ணே
இந்த முடிச்சு யார்கை அண்ணே

வடக்குக் கடலில் மிதந்து கிடக்கக்
கடக்கும் போது எடுத்தேன் தாயி
எந்தக் கடலில் கெடச்சு தண்ணே
இந்த மாசம் வாடை அண்ணே

முதலில் கணவனின் சாவு. ‘அவரும் போயி வருசம் ஆச்சு’ என்ற ஒரே வரியில் அது வந்துவிட்டது. அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை. கரையோரத்துப் பெண் சொல்லவும் மாட்டாள். பெயர் இல்லாததாலேயே அந்த ‘அவர்’ பாட்டு முழுவதும் நிற்கிறது.

மூன்றாம் வரி மும்முறையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ‘கடலில்’ என்ற சொல் மும்முறையும் மேல் சட்ஜத்தில் விழுகிறது. மாறுவது நான்காம் வரி மட்டும்: விலை என்ன, முடிச்சு யார் கை, இது வாடை மாதம். முதல் கேள்வி வாடிக்கையாளரிடம் கேட்பது, இரண்டாவது சந்தேகம், மூன்றாவது கேள்வியே அல்ல, தீர்ப்பு. மெட்டு ஒன்றே என்பதால்தான் இந்த மாற்றம் கூர்மையாகக் கேட்கிறது. இசையும் கூடவே மாறியிருந்தால், எது மாறியது என்று காதுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கடைசி வரியின் வலிமை இந்தக் கரையின் அறிவில் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பகுதி மக்களுக்கு வடகடல் என்பது பாக் விரிகுடாப் பக்கம், தென்கடல் என்பது மன்னார் வளைகுடாப் பக்கம். கச்சான் வீசும் தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை வீசும் வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகும். வாடையில் வடகடலில் மிதந்த வலையைச் சிறு படகில் போகிறபோக்கில் எடுத்தேன் என்பவன் பொய் சொல்கிறான் என்று அன்னத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் ‘பொய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. கேட்பவர் இந்த ஊர்க்காரர் அல்லர் என்றால் என்ன செய்வது? முதல் சரணத்தின் முதல் வரியிலேயே கச்சான் ஓய்ந்ததையும் வாடை தொடங்கியதையும் சொல்லி, காற்று மாறியதை நினைவில் வைக்கச் செய்திருக்கிறேன். அதற்கு மேல் விளக்கினால் பாட்டு பாடமாகிவிடும்.

மூன்று முறைக்கு மேல் அந்த வரியைத் திருப்ப வேண்டாம். நான்காம் முறையும் அப்படியே வந்தால் அது பல்லவியாகிவிடும். கேட்பவர் கூடச் சேர்ந்து பாடத் தொடங்குவார், கேட்பதை நிறுத்திவிடுவார்.

ஆறாம் படி: பேச்சும் மௌனமும்

‘என்றாள்’, ‘என்றான்’, ‘பதில் உரைத்தான்’ போன்றவற்றை மேலே உள்ள சரணங்களில் எங்கும் காணமுடியாது. ஒவ்வொரு சரணத்திலும் அவை ஒரு சீரை விழுங்கும். நான்கே சீர் உள்ள வரியில் அது கால் பங்கு. யார் பேசுகிறார் என்பதை விளிப்பெயர் காட்டிவிடுகிறது: ‘அண்ணே’ என்றால் அன்னம், ‘தாயி’ என்றால் சூசை. இரண்டாம் சரணத்தில் அன்னமே நான்கு வரியும் பேசுகிறாள். அடுத்த இரண்டிலும் முதல் இரண்டு வரி அவன், பின்னிரண்டு வரி அவள் என்று இடம் உறுதியாகிவிட்டால், காது குழம்பாது. அந்த ஒழுங்கைக் காரணமின்றி உடைக்கக்கூடாது. காரணத்தோடு ஒரே ஒருமுறை உடைக்கலாம். ஐந்தாம் சரணம் அந்த இடம்:

பேச்சும் இல்லை பதிலும் இல்லை
மூச்சு மட்டும் போயி வருது
தெக்குக் கடலில் கெடச்சது தாயி
பக்கம் யாரும் இல்லை தாயி

மூன்றாம் வரி இதுவரை அன்னத்தின் கேள்விக்கு உரிய இடமாக இருந்தது. இப்போது அதே உயரத்தில், அதே ‘கடலில்’ என்ற சொல்லோடு, சூசையின் விடை வருகிறது. ‘எந்த’ என்ற ஒரு சொல் ‘தெக்கு’ ஆனது, அவ்வளவுதான் திருப்பம். நான்காம் வரியில் அவன் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறான். பக்கத்தில் யாரும் இருந்தார்களா என்று அன்னம் கேட்கவே இல்லை. ஆள் மிதந்துகொண்டிருந்தானா, இவன் பார்த்தும் வலையை மட்டும் எடுத்தானா, அல்லது உண்மையிலேயே யாரும் இல்லையா என்பதைப் பாட்டு சொல்லாது. எழுதுபவரும் முடிவு செய்யாமல் விட்டுவிடலாம்.

ஏழாம் படி: ஒரே ஒருமுறை இறங்குவது

ஊசி எடுத்து நூலைக் கோத்தாள்
பேசிக் கொள்ள எதுவும் இல்லை
எல்லாக் கண்ணும் முடிஞ்சு கொடுத்தாள்
சல்லிக் காசும் வாங்க வில்லை

இங்கே உச்சத்தில் ‘கண்ணும்’ நிற்கிறது, வலைக் கண்தான். அழுதாள், சபித்தாள் என்று எதுவும் இல்லை. செயல் மட்டுமே சொல்லப்படுகிறது. உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைத்தால், இதுவரை மெட்டு சேர்த்துவைத்த அழுத்தம் அந்தச் சொல்லில் வடிந்துவிடும்.

இந்தச் சரணத்தில் மட்டும் நான்காம் வரியை ‘ப ம | ரி ம | ரி ச | ச –’ என்று ஆதார சட்ஜத்தில் அமர்த்துங்கள். ஐந்து முறை மறுக்கப்பட்ட முடிவு இப்போது கிடைக்கிறது. மெட்டில் நான் அனுமதிக்கும் ஒரே மாற்றம் இதுதான். இடையில் எங்காவது ஒருமுறை இந்த ச-வைச் செலவழித்துவிட்டால் கடைசியில் அது வேலை செய்யாது. பாடுபவர் பழக்கத்தால் மூன்றாம் சரணத்திலேயே ச-வுக்கு இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கும். ஒத்திகையில் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பாடிச் சரிபார்த்தல்

நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வேகத்தில், 32 எண்ணிக்கை கொண்ட ஒரு சரணம் 24 நொடி எடுக்கும். ஆறு சரணம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். பன்னிரண்டு என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. துணை இசை குறைவாக இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு மேல் போக உங்கள் கதைக்கு உண்மையிலேயே இரண்டாவது திருப்பம் வேண்டும்.

கைபேசியில் பதிவு செய்து, முதல் சரணத்தையும் கடைசிச் சரணத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கடைசியில் வேகம் கூடியிருந்தால் இடையில் எங்கோ வெற்றுச் சரணம் இருக்கிறது; பாடுபவரே அதைத் தாண்டிவிட அவசரப்பட்டிருக்கிறார். எந்தச் சரணத்தில் வேகம் மாறுகிறது என்று தேடினால் அது அகப்படும். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் ஒரே ஒருமுறை பாடிக் காட்டி, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். ‘வலை அவள் புருஷனுடையது’ என்பதை எந்தச் சரணத்தில் புரிந்துகொண்டார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. முடிச்சைப் பற்றிய மூன்றாம் சரணத்தில் என்றால் சரி. இரண்டிலேயே என்றால் முன்கதை அதிகமாகக் கசிந்திருக்கிறது. ஐந்தில்தான் என்றால், முடிச்சு வரியில் ‘யார்கை’ என்பது காதில் விழவில்லை. ரி ச-வில் இறங்கும் அந்தச் சீரைச் சற்று நிறுத்திப் பாட வேண்டும், அல்லது அந்த வரியை மட்டும் மாற்றி எழுத வேண்டும்.

பக்கவாத்தியம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுருதிப் பெட்டியும் ஒரு தாளமும் போதும். ஐந்தாம் சரணத்தின் ‘பேச்சும் இல்லை’ வரிகளில் தாளத்தை நிறுத்திவிட்டு, ‘தெக்குக் கடலில்’ என்று தொடங்கும்போது மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.